'படி எத்தனை? பாத்ரூம் எங்கே?' - வாடகை வீட்டு வீடியோ எடுக்க 9 ஷாட், 100 வினாடி!

சென்னை:

வாடகைக்கு வீடு விட இப்போது பலகை மட்டும் போதாது. "வீடியோ இருந்தா அனுப்புங்க சார்" என்றுதான் போனில் முதல் கேள்வியே வருகிறது. ஆனால் அவசரத்தில் எடுத்த வீடியோவால் வீட்டுக்காரருக்கும் நிம்மதி இல்லை, வீடு தேடி வருகிறவருக்கும் கூலி நஷ்டம்.

வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன மாடி போர்ஷனுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு தடவை வீடியோ எடுத்தார்கள். முதல் வீடியோ எப்படி சொதப்பியது, இரண்டாவதை எப்படி திட்டம் போட்டு எடுத்தார்கள் என்று பார்த்தால், சொந்த போனிலேயே யாரும் இதை செய்துவிடலாம்.

2 வாரம், 11 குடும்பம்

வீட்டுக்கார அம்மா கீழ் போர்ஷனில் குடியிருக்கிறார். மாடியில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன். மொத்தம் சுமார் 400 சதுர அடி. பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்ததும், அம்மாவின் மகன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு போனார். 40 வினாடி சுற்றி சுற்றி எடுத்து, ஒரு சினிமா பாட்டை போட்டு, வாடகை இணையதளம் ஒன்றில் ஏற்றிவிட்டார்.

வீடியோவில் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. போனில் 0.5 என்று இருக்கும் அகல லென்சில் எடுத்ததுதான் காரணம். போன் மேல் போன் வந்தது. இரண்டு வாரத்தில் 11 குடும்பம் நேரில் வந்தது. வந்த அத்தனை பேரும் 5 நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டார்கள்.

அதில் ஒருவர் ஆவடியில் இருந்து வந்த பெயிண்டர். அரை நாள் லீவு போட்டு, முழங்கால் வலி உள்ள தாயாரையும் ரெயிலில் அழைத்து வந்திருந்தார். மாடிப்படியை பார்த்ததும் தாயார் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, படி இப்படி இருக்கும்னு வீடியோவுல காட்டியிருந்தா நான் ஆவடியை விட்டே கிளம்பியிருக்க மாட்டேனே. அரை நாள் கூலி போச்சு. எங்கம்மாவை வேற இழுத்துட்டு வந்துட்டேன்" என்று அவர் சொன்னது வீட்டுக்கார அம்மாவை குத்திவிட்டது.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் திரும்பியதற்கு காரணம் இருந்தது. சிலருக்கு படி, சிலருக்கு வீட்டுக்கு வெளியே இருக்கும் பாத்ரூம், சிலருக்கு பெட்ரூம் மூலையில் இருந்த ஈரக்கறை. இந்த மூன்றுமே முதல் வீடியோவில் இல்லை.

"அதை காட்டினா எவன் வருவான்?"

அதே தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு இளைஞர் இருக்கிறார். அவரிடம் அம்மா விஷயத்தை சொன்னார். முதல் வீடியோவை பார்த்த அவர், "இது வீட்டை காட்டலம்மா, மறைக்குது" என்றாராம்.

படி, பாத்ரூம், ஈரக்கறை எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கு கோபம் வந்துவிட்டது. "அதையெல்லாம் காட்டினா எவன் தம்பி வருவான்?" என்று கேட்டார்.

"காட்டலைன்னா மட்டும் பார்க்காமலா போயிடுவாங்க? நேர்ல வந்து பார்த்துட்டு போறாங்க. நீங்க 11 தடவை மாடி ஏறி இறங்கினதுதான் மிச்சம். படி ஏற முடியாதவங்க போன்லயே ஒதுங்கிடட்டும். அதைப் பார்த்தும் வர்றவங்கதான் உங்க வீட்டுக்கு வரப்போறவங்க" என்றார் அவர்.

மறுநாள் ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப்போடு வந்தார். கேமராவை தொடவே இல்லை. முதலில் கேட்டில் இருந்து பாத்ரூம் வரை வெறும் கையோடு நடந்தார். படியை எண்ணினார். அறைகளை அளந்தார். பிறகுதான் எழுத உட்கார்ந்தார்.

வாசல்ல ஆரம்பிக்கணும்

அவர் வைத்துக்கொண்ட முதல் விதி, குடிவரப்போகிறவர் எந்த வழியில் நடப்பாரோ அதே வழியில் கேமராவும் போகவேண்டும் என்பது. தெரு, கேட்டு, படி, ஹால், பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் என்று வரிசை மாறக்கூடாது.

இதற்கு காரணம் இருக்கிறது. ஹாலை காட்டி, அப்புறம் கிச்சனை காட்டி, திடீரென்று மொட்டைமாடிக்கு தாவினால் எந்த அறை எதற்கு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு புரியாது. நடந்து போகிற வரிசையில் காட்டினால் வீட்டின் வரைபடம் அவர் மனதில் தானாக விழுந்துவிடும்.

இரண்டாவது விதி, வெட்டுவதாக இருந்தால் கதவு நிலையில் வெட்டவேண்டும். ஒரு ஷாட் ஹால் கதவில் முடிந்தால், அடுத்த ஷாட் அதே கதவில் இருந்து உள்ளே போகவேண்டும். படி ஏறும்போதும், பாத்ரூமுக்கு நடக்கும்போதும் மட்டும் வெட்டவே கூடாது. அந்த இரண்டு இடத்திலும் எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். வெட்டினால் தூரம் காணாமல் போய்விடும்.

மூன்றாவது விதி பேச்சு பற்றியது. 10 வினாடிக்கு 15 வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது. அதற்கு மேல் போனால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஓடவேண்டி வரும். படத்தில் தெரிவதை வாயால் சொல்லவும் வேண்டாம். "இது ஒரு அழகான ஹால்" என்பதை பார்த்தாலே தெரிந்துகொள்வார்கள். அளவு, தண்ணீர், பணம் இதெல்லாம் படத்தில் தெரியாது. அதைத்தான் பேசவேண்டும்.

இதுதான் ஷாட் திட்டம்

அந்த நோட்டில் அவர் எழுதியது 9 ஷாட். கூட்டினால் சரியாக 100 வினாடி. அதில் இருந்தது வருமாறு:-

ஷாட் 1 - தெருவும் கேட்டும் (8 வினாடி). கேட்டுக்கு எதிரே நின்று தெருவை காட்டி, மெதுவாக கேட்டுக்கு திரும்பவேண்டும். பக்கத்து வீட்டு கதவு எண்ணும், வண்டி நம்பரும் விழக்கூடாது.
பேச்சு: "வில்லிவாக்கம். ஸ்டேஷன்ல இருந்து நடந்தா பத்து நிமிஷம். இதுதான் தெரு, இதுதான் கேட்டு."

ஷாட் 2 - மாடிப்படி (12 வினாடி). முன்னால் ஒருவர் குடத்தோடு ஏற, பின்னால் கேமரா ஏறவேண்டும். ஆள் இருந்தால்தான் படி எவ்வளவு அகலம் என்று தெரியும். வெட்டு கிடையாது.
பேச்சு: "வீடு முதல் மாடி. படி பதினேழு. அகலம் ரெண்டரை அடி. கட்டிலை கழட்டித்தான் ஏத்தணும். பெரிய பீரோ திரும்பாது. முழங்கால் வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க."

ஷாட் 3 - ஹால் (14 வினாடி). வாசலில் நின்று இடமிருந்து வலமாக ஒரு தடவை. பிறகு எதிர் மூலைக்கு போய் வாசலை பார்த்து ஒரு தடவை. இரண்டிலும் தரை டைல்ஸ் தெரியவேண்டும்.
பேச்சு: "ஹால். பன்னிரண்டுக்கு பத்து அடி. ஜன்னல் கிழக்கு பார்த்தது, காலையில நல்ல வெளிச்சம். மூணு பிளக் பாயிண்ட், ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட் இருக்கு."

ஷாட் 4 - பெட்ரூம் (12 வினாடி). கதவில் இருந்து உள்ளே. தரையில் டேப்பை இழுத்து வைத்து காட்டவேண்டும். கடைசியில் கேமரா மேலே போய் ஈரக்கறை உள்ள மூலையில் 3 வினாடி நிற்கவேண்டும்.
பேச்சு: "பெட்ரூம். பத்துக்கு ஒம்பது. பகல்லயும் லைட் போடணும். இந்த மூலையில மழைக்கு ஈரம் வந்தது. மொட்டைமாடியில பூசியாச்சு. சுவருக்கு இனிமேதான் பெயிண்ட்."

ஷாட் 5 - கிச்சன் (12 வினாடி). மேடை, சிலிண்டர் வைக்கும் இடம், மேலே லாஃப்ட். கூட இருப்பவர் குழாயை திறக்கவேண்டும். தண்ணீர் விழும் வேகம் தெரியட்டும்.
பேச்சு: "கிச்சன். ஏழுக்கு ஆறு. ஒருத்தர் நின்னு சமைக்கலாம். சிலிண்டர் மேடைக்கு கீழே. குழாயில வர்றது போர் தண்ணி. மேல லாஃப்ட் இருக்கு."

ஷாட் 6 - பின் வராண்டா, பாத்ரூம் (14 வினாடி). கிச்சன் பின்கதவில் இருந்து பாத்ரூம் கதவு வரை வெட்டாமல் நடக்கவேண்டும். கதவை திறந்து தரை, குழாய், டாய்லெட் மூன்றும். பிளஷ் ஒரு தடவை.
பேச்சு: "பாத்ரூம், டாய்லெட் ரெண்டும் ஒண்ணா இருக்கு. வீட்டுக்குள்ள இல்ல, பின் வராண்டாவுல. ஆறு அடி நடக்கணும். மேல கூரை இருக்கு. இந்த வீட்டுக்கு மட்டும்தான்."

ஷாட் 7 - தண்ணீர் (10 வினாடி). கீழே அடிபம்பு, சம்ப் மூடி, மோட்டார் சுவிட்ச். அடிபம்பில் ஒருவர் இரண்டு அடி அடித்து காட்டவேண்டும்.
பேச்சு: "மோட்டார் காலையும் சாயந்திரமும் போடுவோம். குடிக்க மெட்ரோ தண்ணி, ஒருநாள் விட்டு ஒருநாள். கீழே பம்புல அடிச்சு மேல தூக்கணும்."

ஷாட் 8 - மீட்டர், பைக் நிறுத்தும் இடம் (8 வினாடி). மீட்டர் பெட்டியை தூரத்தில் இருந்து காட்டினால் போதும். இணைப்பு எண் படிக்கும்படி தெரியக்கூடாது.
பேச்சு: "கரண்டுக்கு தனி மீட்டர். பில் வர்றதை நீங்களே கட்டலாம். பைக் ஒண்ணு நிறுத்தலாம், கார் முடியாது."

ஷாட் 9 - வாடகை (10 வினாடி). மீண்டும் கேட்டு. கேமரா அசையக்கூடாது. வாடகையும் அட்வான்சும் பெரிய எழுத்தில் திரையில் வரவேண்டும்.
பேச்சு: "வாடகை பத்தாயிரம். அட்வான்ஸ் முப்பதாயிரம். தண்ணிக்கு மாசம் முந்நூறு. புரோக்கர் கமிஷன் கிடையாது. நேர்ல பார்க்காம யாருக்கும் பணம் அனுப்பாதீங்க."

அட்வான்ஸ் 3 மாத வாடகை என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகை சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அம்மா முதலில் 50 ஆயிரம் கேட்க நினைத்தார். "வீடியோவுல வாயால சொன்னா அப்புறம் மாத்த முடியாதும்மா, யோசிச்சு சொல்லுங்க" என்று இளைஞர் கூறவே, 30 ஆயிரத்தில் நின்றுவிட்டார்.

அகல லென்ஸ் ஏமாற்றும்

எடுக்கும்போது அவர் செய்த முதல் வேலை, வேட்டி நுனியால் லென்சை துடைத்ததுதான். கை பட்டு பட்டு எண்ணெய் படிந்திருந்தால் ஜன்னல் வெளிச்சம் புகை மாதிரி பரவும். அடுத்தது போனை பிளைட் மோடில் போட்டார். பாதி ஷாட்டில் போன் வந்தால் எல்லாம் வீண்.

லென்சை 0.5-ல் இருந்து 1-க்கு மாற்றினார். சின்ன அறையில் 0.5 போட்டால் ஒரே பார்வையில் முழு அறையும் விழும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும், எதிர் சுவர் ரொம்ப தூரத்தில் இருப்பது போலவும் தெரியும். 12 அடி ஹால் 20 அடி மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் இருக்கும் கதவு அகலமாக இழுத்துக்கொண்டு போகும். அதை பார்த்து வருகிறவர் வாசலிலேயே ஏமாந்து போவார்.

1-ல் எடுத்தால் அறை முழுதும் ஒரே தடவையில் அடங்காது. அதனால்தான் ஹாலுக்கு இரண்டு மூலையில் இருந்து இரண்டு தடவை எடுக்க சொன்னது. பாத்ரூம் மாதிரி நிற்கவே இடம் இல்லாத இடத்தில் கதவுக்கு வெளியே நின்று எடுத்துக்கொள்ளலாம்.

போனை படுக்கவைத்தபடி இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டார். மெதுவாக அடி எடுத்துவைத்து நடந்தார். ஒரு சுவரில் இருந்து பக்கத்து சுவருக்கு திரும்ப 5 வினாடிக்கு குறையாமல் எடுத்துக்கொண்டார். வேகமாக திரும்பினால் படம் குழம்பும், பார்க்கிறவருக்கு தலை சுற்றும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் 3 வினாடி அசையாமல் நின்றார். அந்த மிச்சம் இருந்தால்தான் பிறகு வெட்டி ஒட்ட வசதி.

வெளிச்சமும் சத்தமும்

ஹால் ஜன்னல் கிழக்கு பார்த்தது. காலை 8 மணிக்கு வெயில் நேராக உள்ளே அடிக்கும். தரையில் ஒரு பக்கம் வெள்ளை வெளேர் என்றும், மறுபக்கம் கறுப்பாகவும் விழும். அதனால் வெயில் ஜன்னலை விட்டு ஏறிய பிறகு 11 மணிக்கு ஆரம்பித்தார்கள்.

ஜன்னலை நேராக பார்த்து எடுத்தால் போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப தன்னை மாற்றிக்கொண்டு, அறையை இருட்டாக்கிவிடும். இதற்கு, திரையில் சுவர் இருக்கும் இடத்தில் விரலை அழுத்தி பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பிறகு திரும்பினாலும் அறை இருளாது.

பெட்ரூமில் வேறு சிக்கல். பக்கத்து வீட்டு சுவர் 2 அடியில் இருப்பதால் அங்கே பகலிலும் இருட்டு. டியூப்லைட்டை போட்டு எடுத்தபோது திரையில் கறுப்பு பட்டை மேலும் கீழும் ஓடியது. நம் ஊர் கரண்டு வினாடிக்கு 50 தடவை மாறி மாறி வருகிறது. போன் வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததால் சில விளக்குகளில் இப்படி பட்டை விழும். போன் செட்டிங்கில் 25 என்று இருந்தால் அதற்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த போனில் அது இல்லை. அதனால் அந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கீழ் வீட்டில் இருந்து ஒரு எல்.இ.டி. பல்பை கொண்டுவந்து மாட்டினார்கள். பட்டை போய்விட்டது.

ரொம்ப வெளிச்சம் போட்டு அந்த அறையை பளிச் என்று காட்டவும் கூடாது. "பகல்லயும் லைட் போடணும்" என்று பேச்சில் வைத்ததே அதற்காகத்தான்.

பேச்சை அங்கேயே பதிவு செய்யவில்லை. காலி வீட்டில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி எதிரொலிக்கும். கீழ் வீட்டில் பீரோவை திறந்து வைத்து, தொங்கும் புடவைகளுக்கு பக்கத்தில் போனை பிடித்துக்கொண்டு அம்மாவே படித்தார். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். குழாய் சத்தம், பிளஷ் சத்தம், அடிபம்பு சத்தம் மூன்றையும் மட்டும் ஒரிஜினலாக விட்டுவிட்டார்கள். பாட்டு இல்லை. பாட்டு போட்டால் தண்ணீர் விழும் சத்தம் கேட்காது.

எடுக்க 2 மணி நேரம். படி ஷாட்டை மட்டும் 4 தடவை எடுத்தார்கள். மூன்று தடவை கால் வைத்த அதிர்ச்சியில் படம் குலுங்கிவிட்டது. நாலாவது தடவை இளைஞர் செருப்பை கழட்டிவிட்டு, முழங்காலை லேசாக மடக்கி ஏறினார். அது ஓரளவு நிலையாக வந்தது.

எதை காட்டக்கூடாது?

குறையை மறைக்கக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஊருக்கு காட்டிவிடவும் கூடாது. கதவு எண்ணோடு முழு விலாசம், பூட்டு, சாவி, மீட்டர் எண் இவை வீடியோவில் வரக்கூடாது. வீடு காலியாக இருப்பதை விலாசத்தோடு சொன்னால் திருடனுக்கு பத்திரிகை வைத்த மாதிரி. தெருப்பெயர் வரை போதும். மிச்சத்தை போனில் பேசுகிறவரிடம் சொல்லலாம்.

பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாத வீடாக இருந்தால் அவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. அவர் வீட்டு சாமி படமும், குழந்தைகளும், துணிமணியும் யாரோ பார்க்க ஏற்றப்படுவதை எவரும் விரும்பமாட்டார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அடுத்தவர் வீட்டு வீடியோவை எடுத்து, தன் வீடு மாதிரி போட்டு, "நிறைய பேர் கேட்கறாங்க, டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்க" என்று பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. அதற்குத்தான் கடைசி ஷாட்டில் "நேர்ல பார்க்காம யாருக்கும் பணம் அனுப்பாதீங்க" என்ற வரி. அம்மாவின் போன் நம்பரையும் எல்லா ஷாட்டிலும், படத்தின் நடுவில் மங்கலாக தெரியும்படி போட்டுவிட்டார். ஓரத்தில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

வீடு தேடுகிறவர்கள் கவனத்துக்கு

வீடியோ எடுக்கிறவர் செய்யும் தந்திரம் தெரிந்தால், பார்க்கிறவர் ஏமாறமாட்டார். இதுபற்றி அந்த இளைஞர் கூறியதாவது:-

"முதல்ல தரையை பாருங்க. டைல்ஸ் எண்ணினா அறை அளவு தெரிஞ்சுடும். ரெண்டு அடி டைல்ஸ் நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு அஞ்சு இருந்தா பன்னிரண்டுக்கு பத்து. ஒரு அடி டைல்ஸா, ரெண்டு அடியான்னு போன்ல கேட்டுக்கணும். லென்ஸ் எவ்வளவு இழுத்தாலும் டைல்ஸ் எண்ணிக்கை மாறாது.

ஓரத்துல கதவும் சுவரும் வளைஞ்சு இழுத்த மாதிரி இருந்தா அகல லென்ஸ். வீடு பார்க்கறதைவிட சின்னதுன்னு வெச்சுக்குங்க. ஒரு தடவைகூட கேமரா சீலிங் பக்கம் போகலைன்னா அங்க ஈரம் இருக்கான்னு கேளுங்க. ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு நடக்காம தாவிக்கிட்டே இருந்தா நடுவுல எதையோ விட்டிருக்காங்க. பாத்ரூமே வரலைன்னா அதைத்தான் முதல்ல கேக்கணும்.

சந்தேகமா இருந்தா, 'கேட்டுல இருந்து பாத்ரூம் வரைக்கும் நிறுத்தாம ஒரே ஷாட்டா எடுத்து அனுப்புங்க'ன்னு சொல்லுங்க. நிஜமான வீட்டுக்காரருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. வீடியோவை திருடினவனால அனுப்ப முடியாது."

இவ்வாறு அவர் கூறினார்.

அதே சமயம் எந்த வீடியோவாலும் காட்ட முடியாதவை சில உண்டு. சாக்கடை நாற்றம், ராத்திரி கொசு, போர் தண்ணீரின் உப்பு, மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் தண்ணீர். இதற்கு நேரில்தான் வரவேண்டும். வரும்போது குழாய் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் மழைக்காலம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பெயிண்டரே திரும்ப வந்தார்!

புது வீடியோவை ஏற்றிய பிறகு போன் வருவது பாதியாக குறைந்தது. அம்மாவுக்கு முதலில் கவலைதான். "பார்த்தியா தம்பி, நான் அப்பவே சொன்னேன்" என்றார். ஆனால் போனில் பேசியவர்கள் யாரும் படி எத்தனை, பாத்ரூம் எங்கே என்று கேட்கவில்லை. "எப்ப வந்து பார்க்கலாம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

முதல் வாரத்தில் நேரில் வந்தது மூன்று குடும்பம். அதில் இரண்டாவதாக வந்தவர்கள் புதிதாக கல்யாணம் ஆன ஜோடி. அவர்களை அனுப்பிவைத்தது யார் தெரியுமா? ஆவடி பெயிண்டர்தான். கூட வேலை பார்க்கும் பையனுக்கு வீடியோவை காட்டி, "எங்கம்மாவுக்குத்தான் படி ஒத்துக்கல. உனக்கென்ன, வயசுப்பையன். போய் பாரு" என்று சொல்லியிருக்கிறார்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் அவரும் சாட்சிக்கு வந்திருந்தார். ஜோடி குடிவந்ததும் முதல் வேலையாக பெட்ரூம் மூலையை சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து கொடுத்ததும் அவரே. அந்த கூலியை வீட்டுக்கார அம்மா முதல் மாத வாடகையில் கழித்துக்கொண்டார்.